வெபினார் கேப்ஷனில் தேதி, நேரம், பதிவு மூன்றும் உடனே கண்ணில் பட எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் மாடித்தோட்டக் குழு 2026 ஜூலை 12 அன்று இலவசமாக ஒரு வெபினார் நடத்துகிறது. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் போஸ்டரோடு கேப்ஷன் போட்டோம். எல்லா விவரமும் அதில் இருக்கிறது. ஆனாலும் "எப்போ?", "லிங்க் எங்கே?" என்றே கேட்கிறார்கள். கேப்ஷனை எப்படி மாற்றி எழுதுவது?

பதில்:

நீங்கள் போட்ட கேப்ஷன் இப்படித் தொடங்குகிறது:

"வணக்கம் நண்பர்களே! ஆடி பிறக்கப் போகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் முன்னோர்கள் சொன்னதை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். இந்த ஆண்டு உங்கள் மாடியிலும் காய்கறித் தோட்டம் அமைக்க ஆசையா? எங்கள் குழு நடத்தும் இலவச இணையவழிக் கருத்தரங்கில் வரும் ஞாயிறு மாலை 6.30 மணியளவில் கலந்துகொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பயோவில் உள்ள லிங்க் மூலமாகவோ, டிஎம் செய்தோ, வாட்ஸாப் செய்தோ பதிவு செய்துகொள்ளலாம்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டாகிராமில் ஃபீடைத் தள்ளிக்கொண்டே போகிறவர் இதை முழுவதும் பார்ப்பதில்லை. தோராயமாக முதல் 125 எழுத்துகள்தான் வெளியே தெரியும். மற்றது 'மேலும்' என்பதற்குள் போய்விடும். இந்தக் கணக்கு போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், உங்கள் கணக்கின் பெயரும் முதல் வரியில் இடம் பிடித்துக்கொள்ளும். உங்கள் கேப்ஷனை எண்ணிப் பார்த்தால் 125 சரியாக "கேட்டிருப்போம்" என்ற இடத்தில் முடிகிறது. அதாவது வணக்கமும் பழமொழியும் தெரிகின்றன. வெபினார் என்ற செய்தியே தெரியவில்லை. "எப்போ?" என்று கேட்கிறவர் சோம்பேறி இல்லை, அவர் கண்ணுக்குத் தேதி வரவே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த 125 இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். "பதிவு" என்பதை நாம் மூன்று எழுத்தாகப் பார்க்கிறோம். கணினி அதை ஐந்தாக எண்ணுகிறது: ப, த, இகரக் குறி, வ, உகரக் குறி. மெய்யெழுத்தில் இருக்கும் புள்ளியும் தனிக் கணக்கு. அதனால் "கேட்டிருப்போம்" என்ற ஒரே சொல் 14 இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லி முடிக்கிற இடத்தில் நமக்கு ஒன்றரை வாக்கியம்தான் கிடைக்கும். கேப்ஷன் எழுதச் சொல்லித்தரும் ஆங்கிலப் பாடங்கள் "முதல் வரியில் ஆர்வத்தைத் தூண்டும் கேள்வி போடுங்கள்" என்கின்றன. வெபினார் அறிவிப்பில், அதுவும் தமிழில், அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தால் தேதிக்கு இடம் இருக்காது. அந்த இடத்தைத் தேதிக்குக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

ஆகவே முதல் வேலை, மேலே இருக்கும் மூன்று வரிகளை இப்படி மாற்றுவது:

ஆடிப்பட்ட மாடித்தோட்டம்: இலவச வெபினார்
ஜூலை 12, ஞாயிறு, மாலை 6.30 (இந்திய நேரம்)
பதிவு: பயோ லிங்க்

கணினிக் கணக்கில் இது 100க்குள் அடங்கிவிடுகிறது. என்ன, எப்போது, நான் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் 'மேலும்' என்பதைத் தொடாமலே தெரிகின்றன. சில போன்களில் இரண்டு வரிதான் தெரியும். அதனால்தான் தேதி இரண்டாவது வரியில் இருக்கிறது, பதிவு மூன்றாவதில். ஆர்வம் வந்தவர் பதிவு செய்யும் வழியை உள்ளே போயாவது தேடுவார். தேதி தெரியாதவர் தனக்கு அன்று நேரம் இருக்கிறதா என்று யோசிக்கக்கூட முடியாது, அப்படியே தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

முதல் வரியில் "இணையவழிக் கருத்தரங்கு" என்று எழுதாமல் "வெபினார்" என்று போட்டதற்கும் காரணம் உண்டு. முன்னது நல்ல சொல், அழைப்பிதழிலும் சான்றிதழிலும் அழகாக இருக்கும். இங்கே இடம் நெருக்கடி, வெபினார் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. வணக்கத்தையும் பழமொழியையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவை நான்காவது வரிக்குக் கீழே வரட்டும்.

அடுத்து தேதி. "வரும் ஞாயிறு" என்று எழுதியிருக்கிறீர்கள். கேப்ஷனை ஜூலை 1, புதன்கிழமை போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று படிப்பவருக்கு வரும் ஞாயிறு என்பது 5ஆம் தேதி. அதே செய்தியை ஒருவர் 8ஆம் தேதி குடும்பக் குழுவில் ஃபார்வர்ட் செய்தால் வரும் ஞாயிறு 12ஆம் தேதி. 13ஆம் தேதி யாராவது அனுப்பினால் 19. நீங்கள் எழுதும் நாளும் அவர்கள் படிக்கும் நாளும் ஒன்றாக இருக்கப்போவதில்லை, இன்ஸ்டாகிராமும் பழைய பதிவுகளை நாட்கணக்கில் கழித்துக்கூடக் காட்டும். "நாளை", "இந்த வாரம்", "வரும் ஞாயிறு" எல்லாமே இப்படித் தடம் மாறக்கூடியவை. நினைவூட்டல் பதிவில்கூட "நாளை" என்று மட்டும் எழுதாதீர்கள், "நாளை, ஜூலை 12" என்று எழுதுங்கள்.

தேதியோடு கிழமையைச் சேர்ப்பது அலங்காரத்துக்கு இல்லை. வேலைக்குப் போகிறவர் தன் வாரத்தைக் கிழமையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார். ஞாயிறு என்றதும் அன்று மாலை கல்யாண வரவேற்பு இருக்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். அதோடு கிழமை ஒரு சோதனையும்கூட. அவசரத்தில் ஜூலை 11, ஞாயிறு என்று அடித்துவிட்டால், காலண்டரைப் பார்க்கிற முதல் ஆளே பிழையைச் சொல்லிவிடுவார். கிழமை இல்லாமல் 11 என்று மட்டும் போயிருந்தால் அந்தப் பிழை சனிக்கிழமை மாலை வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

மாதத்தைப் பெயராகவே எழுதுங்கள். 12.07.2026 என்பது நம்மூரில் ஜூலை 12. அமெரிக்காவில் பல வருடம் இருக்கும் ஒருவருக்கு அது டிசம்பர் 7 ஆகவும் தெரியலாம், அங்கே மாதத்தை முதலில் எழுதுவதுதான் வழக்கம்.

காலண்டர் எமோஜியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐபோனில் 📅 என்பதை உற்றுப் பாருங்கள், அதில் ஜூலை 17 என்று அச்சிட்டிருக்கும். வேறு பல போன்களிலும் அதே தேதிதான். மற்ற மாதங்களில் யாரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். உங்கள் நிகழ்ச்சியோ ஜூலையிலேயே வருகிறது, போதாக்குறைக்கு ஆடி மாதமும் ஜூலை 17ஐ ஒட்டித்தான் பிறக்கும். ஆடிப்பட்ட வெபினார் அறிவிப்பில் ஜூலை 17 என்ற படமும் ஜூலை 12 என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழப்பம் நிச்சயம். கடிகார எமோஜியிலும் இதே சிக்கல்: 🕕 ஆறு மணி, 🕡 ஆறரை மணி. சிறிய திரையில் வித்தியாசம் தெரியாது, தெரிகிறவருக்கோ தவறானது உறுத்தும். "தேதி:", "நேரம்:" என்று சொல்லாகவே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. திரைப்படிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர்களுக்கும் அதுவே வசதி, இல்லையென்றால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எமோஜியின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நேரத்துக்கு வருவோம். "6.30 மணியளவில்" என்பதில் 'அளவில்' வேண்டாம். அது மரியாதைக்காக நாம் சேர்க்கும் சொல். கேட்கிறவர் அதை "6.45க்குப் போனால் போதும்" என்று எடுத்துக்கொள்வார். தொடக்க நேரத்தோடு முடியும் நேரத்தையும் போடுங்கள்: மாலை 6.30 முதல் 7.45 வரை. இரவுச் சமையலுக்கு முன் முடியுமா, பாதியில் எழ வேண்டியிருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். இங்கே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும், 100 பேருக்கு மேல் உள்ளே வர முடியாது. 75 நிமிடம் என்று கேப்ஷனில் எழுதுவதானால் கட்டணக் கணக்கு கையில் இருக்க வேண்டும். 100 பேர்தான் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குழுவில் சிங்கப்பூர், வளைகுடா, கனடா உறவுகளும் இருக்கலாம். அப்படியானால் "மாலை 6.30" மட்டும் போதாது. இந்திய நேரம் என்று முதல் வரிகளிலேயே சொல்லிவிட்டு, கீழே ஒரே ஒரு வரியில் மற்ற ஊர்களைத் தாருங்கள். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம், அதனால் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை, பெயரை மட்டும் சேர்த்தால் போதும். ஜூலை 12 மாலை 6.30க்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 9.00. அமீரகத்தில் மாலை 5.00. லண்டனில் மதியம் 2.00. டொராண்டோவில் காலை 9.00. எல்லா இடத்திலும் அன்று ஞாயிறுதான் என்பதால் தேதியைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இதுவே இந்திய நேரம் காலை 7 மணி நிகழ்ச்சி என்றால் டொராண்டோவில் முந்தைய நாள் இரவு 9.30. அங்கே கிழமையையும் சேர்த்து எழுதியாக வேண்டும்.

இந்த வரியை அடுத்த நிகழ்ச்சிக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். நவம்பர் நடுவில் அதே மாலை 6.30 என்பது லண்டனில் மதியம் 1.00, டொராண்டோவில் காலை 8.00. சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் மாற்றம் கிடையாது. ஐந்து ஊருக்கு மேல் பட்டியல் போடவும் வேண்டாம். யார் உண்மையில் வருகிறார்களோ அவர்கள் ஊர் போதும்.

இனி பதிவு. கேப்ஷனில் மக்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் மூன்று வழி கொடுத்திருக்கிறீர்கள்: பயோ லிங்க், டிஎம், வாட்ஸாப். வசதிக்காகத்தான் கொடுத்திருப்பீர்கள். நடப்பது என்னவென்றால், படிக்கிறவர் எது சரியான வழி என்று ஒரு கணம் தயங்குவார், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவார். உங்கள் பக்கத்திலோ மூன்று இடத்தில் பெயர்கள் சேரும். டிஎம்மில் வந்த பெயர் படிவத்தில் இருக்காது, கடைசி நாளில் ஜூம் லிங்க் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்று தேட வேண்டியிருக்கும். ஒரே வழி வையுங்கள். படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்காக ஓர் எண் வேண்டுமென்றால், அதைப் "பதிவில் சிக்கல் இருந்தால்" என்ற வரியில் தனியாகப் போடுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் "அல்லது" போட்டு இணைக்க வேண்டாம்.

இரண்டாவது, இன்ஸ்டாகிராமும் வாட்ஸாப்பும் லிங்கை வேறு வேறு விதமாக நடத்துகின்றன. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டிய லிங்க் வெறும் எழுத்துதான், தொட்டால் திறக்காது. போன் செயலியில் கேப்ஷனை நகலெடுக்கவும் விடாது. நீளமான படிவ முகவரியை அங்கே ஒட்டினால் அதைப் பார்த்துப் பார்த்து அடிக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள், நான்கு வரி வீணாவதுதான் மிச்சம். எனவே இன்ஸ்டாகிராமில் "பதிவு: பயோ லிங்க்" என்பது போதும். ஆனால் பயோவில் பல லிங்க் இருந்தால் எது என்று சொல்லுங்கள், இந்தப் படிவத்தை முதல் இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். அதன் தலைப்பும் கேப்ஷனின் முதல் வரியோடு ஒத்துப்போகட்டும். கேப்ஷனில் "ஆடிப்பட்ட மாடித்தோட்டம்" என்று படித்துவிட்டு வருகிறவர் பயோவில் "நிகழ்ச்சிப் படிவம் 3" என்று பார்த்தால் இதுதானா என்று நிற்பார். ஸ்டோரியில் போடும்போது லிங்க் ஸ்டிக்கர் வைக்கலாம், அது தொட்டால் திறக்கும்.

வாட்ஸாப்பில் லிங்க் திறக்கும், அதனால் அங்கே நேராகக் கொடுத்துவிடலாம். ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் லிங்கோடு வேற்றுமை உருபை ஒட்டிவிடுகிறோம்: லிங்க் முடிந்தவுடன் "-இல் பதிவு செய்யவும்" அல்லது "மூலம்" என்று இடைவெளி விடாமல் எழுதுவோம். சில போன்களில் அந்த உருபும் முகவரியின் பகுதியாகிவிடும், தொட்டால் 'பக்கம் இல்லை' என்று வரும். நட்சத்திரக் குறியும் முற்றுப்புள்ளியும் இதே வேலையைச் செய்யக்கூடும். லிங்க் தனி வரியில், முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும். "எனக்கு லிங்க் வேலை செய்யவில்லை" என்று சிலர் மட்டும் சொல்லி, உங்கள் போனில் சரியாகத் திறந்தால், முதலில் இதைத்தான் பாருங்கள்.

வாட்ஸாப்பில் லிங்கோடு ஒரு முன்னோட்டப் பெட்டி வரும். அதில் தெரிவது படிவத்தின் தலைப்பு. அதைத் தொடாமல் விட்டிருந்தால் தலைப்பில்லாத படிவம் என்று ஆங்கிலத்தில் காட்டிக்கொண்டிருக்கும், பலர் அதைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள். படிவத்துக்கு "ஜூலை 12 மாடித்தோட்ட வெபினார் பதிவு" என்று பெயர் வைத்தால் தேதி இன்னோர் இடத்திலும் செலவில்லாமல் தெரிகிறது.

மூன்றாவது, பதிவு மூடும் நேரம். "வெள்ளிக்கிழமைக்குள்" என்றால் வெள்ளி இரவு வரையா, வியாழனோடு முடிந்ததா என்பது ஆளுக்கு ஆள் மாறும். "ஜூலை 10 நள்ளிரவு 12 மணி" என்பதும் அப்படித்தான், அது 10ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? "ஜூலை 10, வெள்ளி, இரவு 9.00" என்றால் கேள்விக்கே இடமில்லை. இன்னொன்று, இந்தத் தேதியை நிகழ்ச்சித் தேதிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேலோட்டமாகப் பார்க்கிறவர் ஜூலை 10, ஜூலை 12 என்ற இரண்டையும் பார்த்துவிட்டு ஏதாவது ஒன்றை மனதில் வைத்துக்கொள்வார், பல சமயம் அது தவறானதாக இருக்கும். முதல் மூன்று வரியில் நிகழ்ச்சித் தேதி மட்டும் இருக்கட்டும். மூடும் தேதி கீழே, பதிவு வரிக்கு அடுத்து வரட்டும்.

நான்காவது, பதிவு செய்தபின் என்ன நடக்கும் என்ற ஒரு வரி. பதிவுப் படிவத்தின் லிங்க் ஒன்று, ஜூமில் நுழையும் லிங்க் வேறொன்று என்பது நமக்குத் தெரியும். முதன்முறை வருகிறவருக்குத் தெரியாது. படிவம் நிரப்பியதோடு ஜூம் திறக்கும் என்று காத்திருப்பார், அல்லது ஞாயிறு மாலை படிவ லிங்கையே மீண்டும் தொட்டுப் பார்ப்பார். "பதிவு செய்தவர்களுக்கு ஜூம் லிங்க் ஜூலை 11, சனி மாலை வாட்ஸாப்பில் வரும்" என்ற வரி இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கூகுள் படிவத்தில், நிரப்பி முடித்தவுடன் காட்டும் செய்தியை நாமே மாற்றி எழுதலாம். இதே வரியை அங்கேயும் போடுங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் உங்கள் இன்ஸ்டாகிராம் கேப்ஷன் இப்படி வரும்:

```
ஆடிப்பட்ட மாடித்தோட்டம்: இலவச வெபினார்
ஜூலை 12, ஞாயிறு, மாலை 6.30 (இந்திய நேரம்)
பதிவு: பயோ லிங்க்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். மாடியில் தொட்டி
வைத்திருப்பவர்கள் கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை
விதைப்பது எப்படி, மண் கலவை எப்படி இருக்க வேண்டும்
என்று பேசுகிறோம். கடைசி 20 நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு.

தேதி: 2026 ஜூலை 12, ஞாயிறு
நேரம்: மாலை 6.30 – 7.45 (இந்தியா, இலங்கை)
எங்கே: ஜூம்
கட்டணம்: இல்லை

பதிவு: எங்கள் பயோவில் முதல் லிங்க்
பதிவு மூடுவது: ஜூலை 10, வெள்ளி, இரவு 9.00
ஜூம் லிங்க்: பதிவு செய்தவர்களுக்கு ஜூலை 11, சனி மாலை
வாட்ஸாப்பில் வரும்

சிங்கப்பூர், மலேசியா இரவு 9.00 | அமீரகம் மாலை 5.00
லண்டன் மதியம் 2.00 | டொராண்டோ காலை 9.00
```

தேதியும் நேரமும் இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். மேலே இருப்பது ஓடுகிற கண்ணுக்கு, கீழே இருப்பது முடிவெடுத்தபின் சரிபார்க்கிறவருக்கு. மூன்றாவது முறை பத்தியின் நடுவில் சொல்ல வேண்டாம். எத்தனை இடத்தில் எழுதுகிறீர்களோ, நேரம் மாறினால் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டும்.

ஹேஷ்டேக் இருந்தால் கடைசியில், ஒரு வெற்று வரி விட்டு, நான்கைந்து போதும். தேதி வரிகளுக்கு நடுவே நுழைய வேண்டாம்.

வாட்ஸாப்புக்கு இதே கேப்ஷனை ஒட்டாமல் கொஞ்சம் சுருக்குங்கள்:

```
*ஆடிப்பட்ட மாடித்தோட்டம்: இலவச வெபினார்*
*ஜூலை 12, ஞாயிறு, மாலை 6.30* (இந்தியா, இலங்கை)

பதிவு செய்ய:
https://forms.gle/xxxxx

பதிவு மூடுவது: ஜூலை 10, வெள்ளி, இரவு 9.00
ஜூம் லிங்க் ஜூலை 11, சனி மாலை வரும்.
```

xxxxx இருக்கும் இடத்தில் உங்கள் படிவத்தின் முகவரி வரும். வாட்ஸாப்பில் நட்சத்திரக் குறிக்கு இடையில் இருப்பது தடித்த எழுத்தாகும். குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் ஆகாது, நட்சத்திரம் அப்படியே தெரியும். இரண்டு வரிக்கு மேல் தடிக்க வைக்காதீர்கள், எல்லாமே தடித்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் இந்தக் குறி வேலை செய்யாது. வாட்ஸாப்பில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டிய கேப்ஷன்களில் நட்சத்திரங்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

போஸ்டரிலும் தலைப்பு, தேதி, நேரம், பதிவு வழி இருக்க வேண்டும், ஏனென்றால் பலர் படத்தை மட்டும் சேமித்து வேறு குழுவில் போடுவார்கள், கேப்ஷன் அப்போது கூடவே போகாது. போஸ்டரில் 6.00 என்றும் கேப்ஷனில் 6.30 என்றும் போய்விடுவது சகஜமாக நடக்கிறது, போஸ்டர் செய்பவர் ஒருவர், கேப்ஷன் எழுதுபவர் வேறொருவர் என்பதால். வெளியிடும் முன் ஒருவர் போஸ்டரைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் கேப்ஷனில் சரிபார்க்கட்டும். தேதி, கிழமை, நேரம், லிங்க், மூடும் நேரம், இவ்வளவுதான்.

வெளியிட்டபின் வரும் கமெண்ட்களே எந்த வரி வேலை செய்யவில்லை என்று காட்டிக்கொடுக்கும். "எப்போ?" என்று கேட்டால் தேதி மேலே இல்லை, அல்லது 'மேலும்' என்பதற்குள் போய்விட்டது. இன்னொரு கணக்கில் இருந்து ஃபீடில் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும். "முடிஞ்சிடுச்சா?" என்றால் எங்கேயோ "வரும் ஞாயிறு" மிச்சம் இருக்கிறது. "எங்க ஊர்ல எத்தனை மணி?" என்று ஒரே நாட்டில் இருந்து இரண்டு மூன்று பேர் கேட்டால் அந்த ஊரைப் பட்டியலில் சேருங்கள். "பதிவு பண்ணிட்டேன், லிங்க் வரலையே" என்பது நான்காவதாகச் சொன்ன வரி விடுபட்டதன் அடையாளம். கேட்டவருக்குக் கமெண்டில் பதில் சொல்வதோடு நிற்காமல் கேப்ஷனையும் திருத்திவிடுங்கள். கமெண்டில் கேட்காமல் போனவர்கள் கேட்டவர்களைவிட அதிகமாகத்தான் இருப்பார்கள்.

நேரம் மாறிவிட்டால் என்ன செய்வது? இன்ஸ்டாகிராமில் கேப்ஷனைத் திருத்தலாம், வெளியான படத்தை மாற்ற முடியாது. போஸ்டரில் பழைய நேரமும் கேப்ஷனில் புது நேரமும் நின்றால் மக்கள் படத்தைத்தான் நம்புவார்கள். சின்ன மாற்றமாக இருந்தாலும் புதிய போஸ்டரோடு புதிதாகப் போட்டு, பழையதை எடுத்துவிடுவது நல்லது. வாட்ஸாப்பில் அனுப்பி 15 நிமிடம் வரைதான் திருத்த முடியும், அதற்குள் ஃபார்வர்ட் ஆனவை உங்கள் கைக்கு வராது. அதனால் புதுச் செய்தியின் முதல் வரியில் பழைய நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "நேரம் மாற்றம்: ஜூலை 12, ஞாயிறு, மாலை 6.30 அல்ல, இரவு 7.30". புது நேரத்தை மட்டும் எழுதினால், இரண்டு செய்தியும் கையில் உள்ளவருக்கு எது பிந்தியது என்று தெரியாது.

நிகழ்ச்சி முடிந்த அன்றே கேப்ஷனின் முதல் வரியை "ஜூலை 12 வெபினார் முடிந்தது. பதிவுசெய்த காணொளி: பயோ லிங்க்" என்று மாற்றி, படிவத்தையும் மூடிவிடுங்கள். படிவம் திறந்தே இருந்தால் ஆகஸ்டிலும் யாராவது பெயர் பதிந்துவிட்டு ஜூம் லிங்குக்காகக் காத்திருப்பார்கள்.